ஜூன் மாதம் வராத டீக்கடை

மொத்த விலை மளிகைக் கடையின் விற்பனைப் பட்டியலைக் கணினியில் திறந்தால், வந்தவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி பேக்கரிக்காரர் 8,400 ரூபாய்க்குச் சரக்கு எடுத்திருப்பார். 5ஆம் தேதி ஹாஸ்டல் மெஸ் 12,000 ரூபாய்க்கு எடுத்திருக்கும். இப்படி ஒரு பில்லுக்கு ஒரு வரி என்று பட்டியல் கீழே இறங்கிக்கொண்டே போகும். வராதவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. வராததற்கு யார் பில் போடுவார்கள்? நாளைக்கு இருபது முப்பது பில் விழும் கடையில், வழக்கமாக வரும் ஒருவர் சத்தமில்லாமல் நின்றுபோனால் முதலாளி அதைக் கவனிக்க மாதக்கணக்கில் ஆகிவிடும்.

அதே பட்டியலை வேறு வடிவத்துக்கு மாற்றலாம். வாடிக்கையாளர் பெயர்கள் இடப்பக்கம் மேலிருந்து கீழாக, மாதங்கள் மேலே இடமிருந்து வலமாக, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அந்த ஆள் அந்த மாதம் வாங்கிய மொத்தத் தொகை. குறுக்கு அட்டவணை, கிராஸ் டேப், பிவட் டேபிள் என்று பல பெயரில் சொல்லப்படுவது இதுதான். மாத மொத்தம் தெரிவது ஒரு வசதி. அதைவிடப் பெரிய வசதி, வாங்காத மாதத்துக்கும் இங்கே ஒரு கட்டம் இருக்கிறது என்பது. கட்டம் காலியாக இருந்தால் கண்ணில் படும்.

ஒரு சின்ன மாதிரியை வைத்துப் பார்க்கலாம். மூன்று வாடிக்கையாளர்கள், மூன்று மாதங்கள், பன்னிரண்டு வரிகள்.

| தேதி | வாடிக்கையாளர் | தொகை |
|---|---|---|
| 03-04-2024 | பேக்கரி | 8,400 |
| 05-04-2024 | ஹாஸ்டல் மெஸ் | 12,000 |
| 11-04-2024 | டீக்கடை | 2,150 |
| 19-04-2024 | பேக்கரி | 7,600 |
| 26-04-2024 | டீக்கடை | 1,850 |
| 02-05-2024 | ஹாஸ்டல் மெஸ் | 4,500 |
| 09-05-2024 | பேக்கரி | 9,100 |
| 14-05-2024 | டீக்கடை | 2,400 |
| 04-06-2024 | பேக்கரி | 8,900 |
| 12-06-2024 | ஹாஸ்டல் மெஸ் | 13,500 |
| 21-06-2024 | ஹாஸ்டல் மெஸ் | 6,500 |
| 25-06-2024 | பேக்கரி | -1,200 |

கடைசி வரியில் கழித்தல் குறி இருப்பது, பேக்கரிக்காரர் சரக்கைத் திருப்பிக் கொடுத்ததால். இதைக் குறுக்கு அட்டவணையாக மாற்றினால் இப்படி வரும்:

| வாடிக்கையாளர் | ஏப்ரல் | மே | ஜூன் | மொத்தம் |
|---|---|---|---|---|
| டீக்கடை | 4,000 | 2,400 | | 6,400 |
| பேக்கரி | 16,000 | 9,100 | 7,700 | 32,800 |
| ஹாஸ்டல் மெஸ் | 12,000 | 4,500 | 20,000 | 36,500 |
| மொத்தம் | 32,000 | 16,000 | 27,700 | 75,700 |

பன்னிரண்டு வரிப் பட்டியலைப் பார்த்தபோது தோன்றாத மூன்று விஷயங்கள் இங்கே உடனே தெரிகின்றன. ஹாஸ்டல் மெஸ் மே மாதம் சரிந்து ஜூனில் எழுந்திருக்கிறது. அது கோடை விடுமுறை, கவலைப்பட ஒன்றுமில்லை. பேக்கரி மாதாமாதம் இறங்கிக்கொண்டே வருகிறது. அது கவனிக்க வேண்டியது. டீக்கடைக்கு நேராக ஜூன் கட்டம் காலி. அங்கே ஒரு ஃபோன் போட்டுப் பார்க்க வேண்டும்.

போடுவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. டீக்கடைக்காரர் உண்மையிலேயே வரவில்லையா, அல்லது அட்டவணை அப்படிக் காட்டுகிறதா? காலிக் கட்டம் பொய் சொல்லும் வழிகள் சில உண்டு. அவற்றுக்குப் போகும் முன், அட்டவணையைச் செய்யும் முறையைப் பார்த்துவிடலாம்.

எக்செலில் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பட்டியலுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் கர்சரை வைத்து `Ctrl+T` அழுத்தினால், மொத்தப் பட்டியலும் ஒரு டேபிளாக மாறும். இதைச் செய்துவிட்டால், பின்னால் அடியில் சேர்க்கும் புது பில்களும் தானாகவே கணக்குக்குள் வரும். அடுத்து `Insert` பட்டியில் `PivotTable`. வலப்பக்கம் திறக்கும் பகுதியில் வாடிக்கையாளரை `Rows` பெட்டிக்கும், தேதியை `Columns` பெட்டிக்கும், தொகையை `Values` பெட்டிக்கும் இழுத்துவிட வேண்டும். 2016க்குப் பிந்தைய எக்செல் பதிப்புகள் தேதிகளைத் தாமாகவே மாதங்களாகத் தொகுத்துவிடும். தொகுக்காவிட்டால், ஏதாவது ஒரு தேதியின் மேல் வலது கிளிக் செய்து `Group` கொடுத்து, `Months`, `Years` இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் `Insert` பட்டியிலேயே இந்த வசதி இருக்கிறது. பெட்டிகளின் பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

`Years` என்பதையும் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? மாதத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் 2023 ஏப்ரலும் 2024 ஏப்ரலும் ஒரே நெடுவரிசையில் கூடிவிடும். ஓராண்டுப் பட்டியலில் இது தெரியாது. இரண்டாவது ஆண்டு தொடங்கியதும் ஏப்ரல் மட்டும் திடீரென்று இரட்டிப்பாகும். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் இன்னொரு சங்கடமும் உண்டு: மாதப் பெயரை மட்டும் வைத்தால் ஜனவரி முதலில் வந்து நிற்கும். இதற்கெல்லாம் பழைய கைகள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். பட்டியலிலேயே நான்காவதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, அதில் இதை எழுதுவார்கள்:

```
=TEXT(A2,"yyyy-mm")
```

2024-04, 2024-05 என்று வரும். ஆண்டு முன்னால் இருப்பதால் எழுத்து வரிசையே கால வரிசையாகிவிடும். பிவட் டேபிளில் தேதிக்குப் பதில் இந்த நெடுவரிசையை இழுத்துவிட்டால் போதும். ஆண்டுகள் கலப்பதற்கு வழியே இல்லை.

பட்டியலை இப்படிப் பெட்டிகளில் இழுத்துப் போட்டுத் திருப்பிப் பார்க்கும் எண்ணம் எக்செலில் பிறந்ததல்ல. லோட்டஸ் நிறுவனத்தில் பீட்டோ சாலஸ் என்பவர் முன்னின்று உருவாக்கிய இம்ப்ரூவ் என்ற மென்பொருள், 1991இல் நெக்ஸ்ட் கணினிகளுக்காக வெளிவந்தது. 1993இல் எக்செலின் ஐந்தாவது பதிப்பு பிவட் டேபிளைக் கொண்டுவந்த பிறகு, அது கணக்குப் பிள்ளைகளின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இப்போது காலிக் கட்டத்தின் பொய்கள். முதல் குற்றவாளி தேதி.

கணக்கு மென்பொருளிலிருந்து பட்டியலை `CSV` கோப்பாக எடுத்து, அதை நேராக டபுள் கிளிக் செய்து எக்செலில் திறப்பதுதான் எல்லாரும் செய்வது. அந்தக் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கானதாக இருந்தால், எக்செல் முதல் எண்ணை மாதம் என்று எடுத்துக்கொள்ளும். நம் மாதிரியில் 04-06-2024 என்பது ஜூன் 4. அமெரிக்க அமைப்பு அதை ஏப்ரல் 6 என்று படிக்கும். 12-06-2024 டிசம்பர் 6 ஆகிவிடும். 19-04-2024 என்று வரும்போது பத்தொன்பதாவது மாதம் கிடையாதே, அதனால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும்.

நம் பன்னிரண்டு வரிகளில் ஏழு வரிகள் இப்படித் தவறான தேதிகளாகவும், ஐந்து வரிகள் எழுத்தாகவும் மாறும். மேலே சொன்ன `TEXT` நெடுவரிசையை வைத்து அட்டவணை போட்டால் மூன்று மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு நெடுவரிசைகள் வரும்: பிப்ரவரி, மார்ச், செப்டம்பர், டிசம்பர் என்று ஏழு மாதங்கள், அவற்றோடு மாதமாக மாறாத 19-04-2024 போன்ற ஐந்து தேதிகள். மூன்று மாதக் கணக்கில் இந்த அலங்கோலம் உடனே கண்ணில் படும். இரண்டு மூன்று ஆண்டுப் பட்டியலில் எல்லா மாதமும் ஏற்கெனவே இருப்பதால் தவறான தேதிகள் கூட்டத்தில் மறைந்துவிடும். இதில் மோசமானது என்னவென்றால், மொத்தத் தொகை அப்போதும் 75,700 தான். ஒரு ரூபாயும் காணாமல் போகவில்லை, மாதம்தான் மாறியிருக்கிறது. கூட்டல் சரியாக இருக்கிறது என்று கோப்பை மூடிவிட்டால் பிழை உள்ளேயே தங்கிவிடும்.

கண்டுபிடிக்க மூன்று சின்ன சூத்திரங்கள் போதும்:

```
=COUNT(A:A)
=MIN(A:A)
=MAX(A:A)
```

முதலாவது, உண்மையான தேதிகளை மட்டும் எண்ணும். எக்செலுக்குத் தேதி என்பது உள்ளுக்குள் ஓர் எண். 2024 ஏப்ரல் 1 என்பதை அது 45383 என்றுதான் வைத்திருக்கிறது. எழுத்தாக நிற்கும் தேதி இந்த எண்ணிக்கையில் சேராது. பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் ஏழு வந்தால் மீதி ஐந்தும் எழுத்து. அடுத்த இரண்டும் முதல் தேதியையும் கடைசித் தேதியையும் தரும். ஏப்ரல் 3, ஜூன் 25 என்று வர வேண்டியது பிப்ரவரி 5, டிசம்பர் 6 என்று வந்தால் விஷயம் வெளிச்சம். வெறும் கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு: யாரும் தலையிட்டு மாற்றாத நெடுவரிசையில் உண்மைத் தேதி வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டியிருக்கும்.

கெட்டுப்போன தேதிகளை அங்கேயே உட்கார்ந்து ஒட்டுப்போடுவது வீண். எது மாறியது, எது மாறவில்லை என்று பிரிப்பதற்குள் இன்னும் நாலு தப்பு நடக்கும். மூலக் கோப்புக்கே திரும்பிப் போவதுதான் சரி. எக்செலில் `Data` பட்டியில் `From Text/CSV` வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, `Transform Data` கொடுத்தால் பவர் குவெரி திறக்கும். தேதி நெடுவரிசையின் தலைப்பில் வலது கிளிக் செய்து `Change Type`, அதில் `Using Locale`. வகை `Date`, வட்டாரம் `English (India)`. ஏற்கெனவே இருக்கும் மாற்றத்தை என்ன செய்வது என்று கேட்டால் `Replace current` என்று சொல்ல வேண்டும். பழைய மாற்றத்தின் மேலேயே இன்னொன்றைச் சேர்த்தால், கெட்ட தேதியைத்தான் மறுபடியும் திருத்திக்கொண்டிருப்போம்.

இரண்டாவது குற்றவாளி பெயர். பில் போடும் ஆள் மாறினால் பெயரும் கொஞ்சம் மாறும். ஒருவர் டீக்கடை என்று அடிப்பார், இன்னொருவர் டீ கடை என்று இடைவெளி விட்டு அடிப்பார். மூன்றாமவர் பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளியைத் தட்டிவிட்டிருப்பார், அது திரையில் தெரியவும் தெரியாது. கணினிக்கு இவர்கள் மூன்று தனித்தனி வாடிக்கையாளர்கள். அட்டவணையில் இதற்கென்று ஒரு சாடை உண்டு: ஒரு வரிசையில் ஏப்ரலும் மேயும் நிரம்பி ஜூன் காலியாக இருக்கும், அதை ஒட்டிய வரிசையில் ஏப்ரலும் மேயும் காலியாகி ஜூன் மட்டும் நிரம்பியிருக்கும். ஒருவர் நின்ற மாதத்திலேயே அதே பெயரில் இன்னொருவர் தொடங்குகிறார் என்றால், அது பெரும்பாலும் ஒரே ஆள்தான். பின்னால் ஒட்டிய இடைவெளிகளை `TRIM` நீக்கிவிடும். எழுத்து வேறுபாட்டைக் கையால்தான் திருத்த வேண்டும்.

தமிழில் பெயர் வைத்துக்கொள்ளும் கடைகளுக்கு இன்னொரு பொறியும் இருக்கிறது, அது ஸ்ரீ. கடைப் பெயர்ப் பலகைகளில் பாதி இந்த எழுத்தில்தான் தொடங்கும். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுத முடியும். ஸ என்ற எழுத்தில் தொடங்கி எழுதுவது பழைய வழக்கம். 2005இல் ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்த பிறகு, அதில் தொடங்கி எழுதும் வழியும் வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடாது. `=UNICODE(B2)` என்று கேட்டால் மட்டும் ஒன்றுக்கு 3000 என்றும் மற்றதற்கு 2998 என்றும் பதில் வரும். ஒரே பெயர் அட்டவணையில் இரண்டு முறை வந்து, `TRIM` போட்டும் ஒன்றாகவில்லை என்றால் இங்கே பார்க்க வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, அட்டவணையை அந்த எண்ணை வைத்துப் போட வேண்டும். பெயர் படிப்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

தொகை நெடுவரிசையும் சும்மா இருப்பதில்லை. சில மென்பொருள்கள் 1,850 Cr என்று தொகையோடு எழுத்தையும் சேர்த்துத் தருகின்றன. அப்படி ஒரே ஒரு கட்டம் இருந்தாலும், `Values` பெட்டியில் `Sum` வர வேண்டிய இடத்தில் `Count` வந்து உட்காரும். கட்டங்களில் ரூபாய்க்குப் பதில் 2, 1, 2 என்று பில் எண்ணிக்கை தெரியும். உடனே அதை `Sum` என்று மாற்றிவிட்டு நிம்மதி அடைபவர்கள்தான் அதிகம். ஆனால் எழுத்தாக இருக்கும் தொகையை பிவட் டேபிள் பூஜ்ஜியமாகத்தான் கூட்டும். டீக்கடையின் ஏப்ரல் 4,000க்குப் பதில் 2,150 என்று சாதுவாக நிற்கும். `Count` வந்தால் அது எச்சரிக்கை. பட்டியலைத் திருத்திய பிறகுதான் மேலே போக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. பட்டியலின் நடுவே நாள் மொத்தம் அல்லது மாத மொத்தம் என்று வரிகள் இருந்தால் அவையும் பில்களாகக் கூட்டப்பட்டு, 75,700 என்பது 1,51,400 ஆகிவிடும். சரியாக இரண்டு மடங்கு வந்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சந்தேகம் வரும் எந்தக் கட்டத்தையும் எக்செலில் டபுள் கிளிக் செய்தால், அந்தத் தொகைக்குள் இருக்கும் வரிகள் புதிய தாளில் விரியும். ஹாஸ்டல் மெஸ்ஸின் 20,000ஐத் தட்டினால் 13,500, 6,500 என்ற இரண்டு பில்களும் தேதியோடு வந்து நிற்கும். இந்த ஒரு வசதிக்காகவே பிவட் டேபிளை வைத்துக்கொள்ளலாம். புது பில்களைச் சேர்த்த பிறகு `Refresh` கொடுக்க மறந்தால் மட்டும், அது பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும்.

காலிக் கட்டங்களில் 0 நிரப்பும் வசதியும் அமைப்புகளில் இருக்கிறது. பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று பலர் அதைப் போட்டுவிடுகிறார்கள். போடாமல் இருப்பதே மேல். ஒருவர் ஜூனில் 2,000க்குச் சரக்கு எடுத்து, அதை அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தால் அவருடைய கட்டத்தில் 0 வரும். கடைப்பக்கமே வராதவரின் கட்டம் காலியாக இருக்கும். முதலாமவரிடம் சரக்கில் என்ன குறை என்று கேட்க வேண்டும், இரண்டாமவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் 0 நிரப்பிவிட்டால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

பிவட் டேபிளால் முடியாத ஒன்றும் உண்டு. பட்டியலில் ஒரு முறையாவது பெயர் வந்திருந்தால்தான் அதில் ஒருவருக்கு வரிசை கிடைக்கும். மார்ச் வரை வாங்கிவிட்டு ஏப்ரலிலிருந்தே நின்றுவிட்டவர், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான அட்டவணையில் காலிக் கட்டமாகக்கூட வரமாட்டார். அவரைப் பிடிக்க, வாடிக்கையாளர் பெயர்கள் முழுவதையும் `F` நெடுவரிசையில் நாமே எழுதி, `G1` முதல் ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியையும் போட்டு, `G2`வில் இந்தச் சூத்திரத்தை எழுதி எல்லாக் கட்டங்களுக்கும் இழுக்க வேண்டும்:

```
=SUMIFS($C:$C,$B:$B,$F2,
 $A:$A,">="&G$1,
 $A:$A,"<"&EDATE(G$1,1))
```

பெயர் பொருந்த வேண்டும், தேதி இந்த மாதம் 1ஆம் தேதியோ அதற்குப் பிந்தியோ இருக்க வேண்டும், அடுத்த மாதம் 1ஆம் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்கிறது சூத்திரம். மாதக் கடைசித் தேதி வரை என்று எழுதாமல், அடுத்த மாதத்துக்கு முன் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பில் போட்ட நேரமும் தேதியோடு சேர்ந்து வந்தால், ஏப்ரல் 30 மாலை 6.40 என்பது எக்செலுக்கு ஏப்ரல் 30ஐவிடப் பெரிய எண். கடைசித் தேதி வரை என்று எழுதியிருந்தால், மாதக் கடைசி நாள் விற்பனை எந்த மாதத்திலும் சேராமல் நழுவிவிடும். இந்தச் சூத்திரம் வராதவருக்கும் 0 தான் காட்டும். வந்து திருப்பியவரையும் வராதவரையும் பிரிக்க வேண்டுமானால், தொகை நெடுவரிசையை விட்டுவிட்டு அதே நிபந்தனைகளோடு `COUNTIFS` எழுதி பில் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

குறுக்கு அட்டவணையை ஒரு முறை பார்த்துப் பழகியவர்கள், அடுத்த மாதத்திலிருந்து பில்களைப் பட்டியலில் ஏற்றாமல் நேராகக் கட்டத்தில் கூட்டி எழுதத் தொடங்குவதும் நடக்கிறது. பட்டியலிலிருந்து அட்டவணை எப்போது வேண்டுமானாலும் வரும். மறுதிசையில் அப்படி வராது. பவர் குவெரியில் `Unpivot Other Columns` என்ற வசதி, அகலமான அட்டவணையை மறுபடியும் நீளமான பட்டியலாக்கித் தரும். ஆனால் ஹாஸ்டல் மெஸ், ஜூன், 20,000 என்ற ஒற்றை வரிதான் அதில் கிடைக்கும். 12ஆம் தேதி எவ்வளவு, 21ஆம் தேதி எவ்வளவு என்று மெஸ்காரர் வந்து கேட்டால், பில் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும்.